பார்த்து எழுதியது ஏன் நினைவில் நிற்பதில்லை?

“டீச்சர், இதயப் பாடத்தை முழுசா எழுதி வெச்சேன். ராத்திரி எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்தது. டெஸ்ட்ல ஒண்ணும் வரல.”

பத்தாம் வகுப்பு மாணவன் நோட்டை நீட்டினான். வகுப்புத் தோழி எழுதிய ஒரு பக்கச் சுருக்கம் அப்படியே அதில் இருந்தது. ஆசிரியை அதை மூடி வைத்தார்.

“வலது வெண்ட்ரிக்கிள்ல இருந்து ரத்தம் எங்க போகும்?”

“நுரையீரலுக்கு.”

“எது வழியா?”

“நுரையீரல்... சிரை?”

“தமனிப்பா. ‘நுரையீரல் தமனி – விதிவிலக்கு’ன்னு நீயே எழுதியிருக்க. எதுக்கு விதிவிலக்கு?”

“தெரியல டீச்சர். அவ அப்படித்தான் எழுதியிருந்தா.”

“அவ சும்மா எழுதல. தமனின்னா ஆக்ஸிஜன் நிறைஞ்ச ரத்தம்னு முன்னாடி படிச்சது அங்க இடிச்சிருக்கும். திரும்பப் புரட்டிப் பார்த்திருப்பா. இதயத்துல இருந்து வெளியே கொண்டு போற குழாய்தான் தமனி, ரத்தம் எதுவா இருந்தாலும் சரின்னு புரிஞ்சதும் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருப்பா. அந்த வேலை முழுக்க அவ தலைக்குள்ள நடந்தது. உனக்கு வந்தது வார்த்தை மட்டும்.”

பார்த்து எழுதும்போது கண் நாலைந்து சொற்களை எடுக்கிறது, கை அவற்றை இறக்கி வைக்கிறது. பொருள் புரியாமலேயே இதைச் செய்துவிடலாம். எதை விடுவது, எதோடு எதைச் சேர்ப்பது என்ற முடிவுகளைத் தோழியே எடுத்துவிட்டாள். புதுச் செய்தி பழைய அறிவோடு பின்னிக்கொள்வது அந்த முடிவுகளின்போதுதான். எழுதியதை உடனே திரும்பப் பார்த்தால் பழகிய முகம்போல் தெரியும். அதைத்தான் அவன் ‘தெரிந்த மாதிரி’ என்று எடுத்துக்கொண்டான்.

நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பிரிவினர் சொல் இணைகளை வாசித்தார்கள். மற்றவர்களுக்கு முதல் சொல்லும், இரண்டாவதன் முதல் எழுத்தும் மட்டுமே தரப்பட்டன. ஒரே பொருள், எதிர்ப்பொருள் போன்ற விதிப்படி மீதியை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். தாமே வருவித்த சொற்களே நன்றாக நினைவில் நின்றன. அந்தச் சிறு முயற்சியைக்கூட பார்த்து எழுதும் கை கேட்பதில்லை.

“அப்போ அவ நோட்டே வேண்டாமா டீச்சர்?”

“வேணும், ஆனா கடைசியில. முதல்ல பாடத்தைப் படி. புத்தகத்தை மூடிட்டு ரத்தம் போற பாதையை நீயே வரை. தடுக்கிற இடத்துல காலியா விடு. அப்புறம் புத்தகத்தைத் திறந்து சிவப்பு மையில திருத்து. திருத்தாம விட்டா தப்பே பதிஞ்சிடும். அதுக்கப்புறம் அவ நோட்டோட ஒப்பிட்டுப் பாரு.”

அங்கேயே உட்கார்ந்து வரைந்தான். வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல். அதற்கு அடுத்த குழாயில் கை நின்றது. சற்று யோசித்து ‘நுரையீரல் சிரை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

“டீச்சர், இதுல வர்றது ஆக்ஸிஜன் நிறைஞ்ச ரத்தம். அப்படின்னா சிரையிலயும் இது விதிவிலக்குதானே? அவ நோட்டுல இது இல்லையே!”