ஷேர் மார்க்கெட்டில் முதல் அடி... சேமிப்பில் எவ்வளவு போடலாம், எங்கே நிறுத்தணும்?

டீமேட் கணக்கு ஆரம்பிக்க இப்போ பத்து நிமிஷம் போதும். ஆதார், பான், ஒரு செல்ஃபி, முடிந்தது. எந்த ஷேர் வாங்கலாம்னு சொல்ல ஆபீஸில் நாலு பேர், டெலிகிராமில் நாற்பது குரூப். ஆனால் 'எவ்வளவு போடலாம்'னு யாரும் சொல்றதில்லை. 'இழந்தாலும் பரவாயில்லைனு நினைக்கிற பணத்தை மட்டும் போடுங்க'னு பொதுவா ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தொகை எவ்வளவுனு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் 25 வயசுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். வீட்டுக்குக் கொடுப்பது, ஹாஸ்டல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 24,500 செலவு. மாதம் 7,500 மிச்சம். இதுவரை பேங்கில் 2,10,000 சேர்ந்திருக்கு.

முதலில், வேலை போனால் ஆறு மாசம் ஓட்டுவதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்கணும். 24,500-ஐ ஆறால் பெருக்கினால் 1,47,000. அதைத் தொடவே கூடாது. ஜூனில் தம்பிக்கு காலேஜ் ஃபீஸ் 30,000 கட்டணும். தேதி குறித்த செலவுக்கான பணம் மார்க்கெட் பக்கமே போகக்கூடாது. ஃபீஸ் கட்டும் வாரத்தில் விலை இறங்கியிருந்தால் நஷ்டத்தில்தான் விற்க வேண்டிவரும். ஆக, மிச்சம் 33,000.

இந்த 33,000-ஐயும் முழுசாகப் போடக் கூடாது. இங்கே ஒரு சோதனை இருக்கு. போட்ட பணம் பாதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நஷ்டத்தை ஒரு மாச சேமிப்பால் ஈடுகட்ட முடியுமா? இவருக்கு ஒரு மாச சேமிப்பு 7,500. அது பாதி என்றால் முழுத் தொகை 15,000. அதுதான் இவருடைய எல்லை. மொத்த சேமிப்பில் சுமார் 7 சதவிகிதம். மீதி 18,000 இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகலாம், பேங்கிலேயும் இருக்கலாம்.

ஏன் பாதி? பயமுறுத்தச் சொல்லவில்லை. 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,500 பக்கம் வந்தது. இரண்டே மாசத்தில் கிட்டத்தட்ட 40 சதவிகித இறக்கம். நாட்டின் பெரிய 50 கம்பெனிகள் சேர்ந்த குறியீட்டுக்கே அந்த நிலைமை என்றால், நாம் தேடிப் பிடிக்கும் நாலைந்து ஷேர்கள் அதைவிட அதிகமாக இறங்கலாம். பாதியான பணம் பழைய இடத்துக்கு வர 50 சதவிகிதம் ஏறினால் போதாது, இரண்டு மடங்காகணும்.

அடுத்தது, ஒரே கம்பெனியில் எவ்வளவு? 15,000-ஐ ஐந்தாகப் பிரித்து ஆளுக்கு 3,000 போடலாம். ஒரு கம்பெனி மொத்தமாகக் கவிழ்ந்தாலும் போவது 3,000. அப்படியானால் பதினைந்தாகப் பிரித்தால் இன்னும் பாதுகாப்புதானே என்று தோன்றும். ஷேரை விற்கும்போது, எத்தனை ஷேர் என்று பார்க்காமல் ஒரு கம்பெனிக்கு இவ்வளவு என்று டீமேட் கட்டணம் பிடிப்பார்கள். பெரும்பாலும் 20 ரூபாய்க்கு முன்பின் இருக்கும். 3,000 ரூபாய் ஷேருக்கு அது பெரிதில்லை. 1,000 ரூபாய் ஷேருக்கு அதுவே 2 சதவிகிதம். தவிர, பதினைந்து கம்பெனியின் காலாண்டு முடிவுகளை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரமிருக்கு?

இந்த 3,000 எல்லை உடைவது பெரும்பாலும் 'ஆவரேஜ்' பண்ணும்போதுதான். விலை இறங்கியதும், 'அன்னிக்கு 390-க்கு வாங்கினேன், இப்போ பாதி விலைக்குக் கிடைக்குதே'னு மறுபடி வாங்கத் தோணும். யெஸ் பேங்க் கதையை இதற்காகவே தெரிந்துவைத்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்ட்டில் அந்த ஷேர் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. ஒருவர் 390-க்கு 10 ஷேர் வாங்கினார் என்று வைப்போம். முதலீடு 3,900. செப்டம்பரில், பேங்கின் தலைவர் ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கிய செய்தி வந்தபோது, ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விலை விழுந்தது. பின்னர் 195-ல் இன்னொரு 20 ஷேர். அதற்கு 3,900. அடுத்த வருஷம் 50-ல் ஒரு 80 ஷேர். அதற்கு 4,000. இப்போது கையில் 110 ஷேர், போட்ட பணம் 11,800.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த பேங்கை முடக்கியது. மறுநாள் விலை 16 பக்கம். 11,800 ரூபாய் 1,760 ஆனது. முதல் 10 ஷேரோடு நின்றிருந்தால் போனது 3,740 மட்டும்தான். கதை அதோடு முடியவில்லை. பேங்கை மீட்க வந்த திட்டத்தில், 100 ஷேருக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதில் 75 சதவிகிதத்தை மூன்று வருஷம் விற்கக் கூடாது என்று ஒரு விதி வந்தது. சில நாளில் விலை 50-ஐத் தாண்டி ஏறியபோது, 10 ஷேர் வைத்திருந்தவரால் விற்க முடிந்தது. ஆவரேஜ் பண்ணிப் பண்ணி 110 ஆக்கியவருக்கு முக்கால்வாசி பூட்டிக்கிடந்தது.

'ஸ்டாப் லாஸ் போட்டிருந்தா தப்பிச்சிருக்கலாமே?'னு கேட்கலாம். ஓரளவுக்குத்தான். மாலையில் மார்க்கெட் மூடிய பிறகு கெட்ட செய்தி வந்தால், மறுநாள் காலை விலை நீங்கள் குறித்த இடத்தைத் தாண்டிக் கீழேயே ஆரம்பிக்கும். சின்ன கம்பெனி ஷேர் என்றால் லோயர் சர்க்யூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். விற்க வரிசையில் லட்சம் ஷேர் நிற்கும், வாங்க ஆள் இருக்காது. அதனால் நஷ்டத்தை உண்மையில் கட்டுப்படுத்துவது வாங்கும்போது நாம் வைக்கும் தொகைதான், பிறகு போடும் ஆர்டர் இல்லை.

ஆப்பில் கவனிக்க வேண்டிய ஒரு பட்டன் இருக்கு. ஆர்டர் போடும் திரையில் `Delivery` அல்லது `CNC` என்று இருந்தால் கையில் இருக்கும் பணத்துக்கு வாங்குகிறீர்கள். பக்கத்திலேயே `Intraday` அல்லது `MIS` இருக்கும். அதில் 3,000 ரூபாயை வைத்து 15,000 ரூபாய் ஷேர் வரை வாங்க விடுவார்கள். விலை 10 சதவிகிதம் இறங்கினால் உங்கள் 3,000-ல் பாதி காலி. விலை திரும்பி வரட்டும்னு காத்திருக்கவும் முடியாது, அன்று சாயங்காலத்துக்குள் ஆப்பே விற்றுவிடும். கஷ்டப்பட்டு வைத்த எல்லை ஒரே தட்டலில் போய்விடும். எஃப் அண்ட் ஓ பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். அதில் இறங்கிய தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நஷ்டம் என்பதை செபியே ஆய்வு செய்து 2024-ல் சொல்லியிருக்கு.

15,000 என்பது நிரந்தர எண் இல்லை. சம்பளம் கூடி மாச சேமிப்பு 10,000 ஆனால் எல்லை 20,000. கல்யாணம், இஎம்ஐ என்று வந்து சேமிப்பு 5,000-க்கு இறங்கினால் எல்லையும் 10,000-க்கு இறங்கும். அதற்காக ஏற்கெனவே வாங்கியதை அவசரமாக விற்க வேண்டியதில்லை, புதிதாக வாங்குவதை நிறுத்தினால் போதும். ஷேர் வாங்க அந்த 1,47,000-ல் கைவைக்கத் தோணுதா? அல்லது 'சம்பளம் வந்ததும் திருப்பிக் கொடுத்துடறேன்'னு ஃப்ரெண்டிடம் கேட்கத் தோணுதா? எல்லை எப்போதோ தாண்டியாச்சுனு அர்த்தம்.