ஊசி போட்ட இடம் தடித்தால் காசநோயா?

"தம்பி, கையில ஊசி போட்ட இடம் தடிச்சிருச்சு. எனக்கும் காசநோய் வந்துருச்சா?"

வானொலி நிகழ்ச்சி முடிந்ததும் வந்த அழைப்பு அது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அக்கா பேசினார். அவர் கணவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகியிருந்தது. பிறகு ரிங்லெட் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். குளிருக்காகச் சன்னலை அடைத்திருந்த சிறிய அறை. கணவர் இரண்டு மாதம் இருமியபோது அக்காவும் நான்கு வயது மகனும் அங்கேதான் படுத்திருக்கிறார்கள்.

தோலுக்குள் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளப்பார்கள். சிவப்பை அளப்பதில்லை. அக்காவுக்குத் தடிப்பு 17 மில்லிமீட்டர். சிறு வயதில் போட்ட பி.சி.ஜி. ஊசியால்தான் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசியின் தாக்கம் பெரும்பாலும் பத்து வருடத்தில் மங்கிவிடும். அந்த ஊசியால் பாதிக்கப்படாத இரத்தப் பரிசோதனையிலும் அவருக்குப் 'பாசிட்டிவ்' என்றே வந்தது.

கிருமி உடலுக்குள் புகுந்திருக்கிறது என்பதே இதன் பொருள். அது உறங்கிக் கிடக்கும்வரை நோயும் இல்லை, பிறருக்குத் தொற்றவும் செய்யாது. இப்படி உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோய் வரும். அதில் பாதியளவு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. கிருமி உறங்குகிறதா, விழித்துவிட்டதா என்பதை இரண்டு சோதனைகளும் சொல்லாது. அதனால்தான் இருமல், காய்ச்சல், எடைக்குறைவு பற்றிக் கேட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கிறார்கள். நோய் முற்றியவருக்குத் தடுப்பு மருந்து மட்டும் கொடுத்தால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும்.

அக்காவின் எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் என்ற இரு மருந்துகளை வாரம் ஒருமுறை, 12 வாரம் சாப்பிடச் சொன்னார்கள். முதல் வாரம் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதும் பயந்துவிட்டார். அது மருந்தின் நிறம்தான். ஆனால் பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் 'தே ஓ' போலக் கறுப்பது ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். அப்போது மருந்தை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்குக் போக வேண்டும்.

மகனுக்குச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவனுக்கு நோய் இல்லையென்று உறுதிசெய்த பின் தடுப்பு மருந்து தொடங்கினார்கள். கிருமி புகுந்து எட்டு வாரம் வரை சோதனை பொய் சொல்லலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கோ நோய் வேகமாக, மூளைக்காய்ச்சலாகக்கூட வரும்.

"மருந்து முடிஞ்சா தடிப்பு வராதுல்ல?" என்று அக்கா கேட்டார். வரும். உடலுக்கு அந்த நினைவு இருக்கும், எனவே மறுபடி சோதித்துப் பயனில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், மருந்து சாப்பிட்டிருந்தாலும் சளியைச் சோதிக்க வேண்டும்.