பிடித்த கையையே பிடி என்கிறதே!

சித்தப்பா புதுக் கார் எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. திருச்சி போகிற வழியில், திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டுத்தான் வர்றேன். கையை வை, கையை வைன்னு கத்திக்கிட்டே வருதே. வண்டில கோளாறா?"

கோளாறு இல்லை. ஷோரூமில் "லெவல் 2 சார், கிட்டத்தட்ட தானா ஓடும்" என்று சொல்லி விற்றவர், அந்த 'கிட்டத்தட்ட'வுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டதுதான் விஷயம்.

லெவல் என்ற கணக்கு எஸ்.ஏ.ஈ. என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஜே3016 என்ற ஆவணத்திலிருந்து வருகிறது. பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு படிகள். முன்னால் இடிக்கப் போகிறோம் என்று அலறுவதும், தானே ஒரு நொடி பிரேக் பிடிப்பதும் பூஜ்யம்தான். அவசரத்தில் தலையிட்டு விலகிக்கொள்ளும் எதையும் இந்தக் கணக்கு ஓட்டுவதாகச் சேர்ப்பதில்லை. வேகம், திசை இரண்டில் ஒன்றை மட்டும் வண்டி தொடர்ந்து கவனித்தால் லெவல் 1. முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல் அப்படிப்பட்டது. அதோடு ஸ்டியரிங்கையும் வண்டியே அசைத்து லேனின் நடுவில் ஓடினால் லெவல் 2.

ஷோரூமில் குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. கோட்டைத் தொட்ட பிறகு உள்ளே தள்ளிவிடும் 'லேன் கீப்' வேறு, தொடர்ந்து நடுவிலேயே வைத்திருக்கும் 'லேன் சென்டரிங்' வேறு. முதலாவது மட்டும் உள்ள வண்டி லெவல் 2 ஆகாது. இன்னொன்று, இந்த எண் தர மதிப்பெண் அல்ல. இரண்டு லெவல் 2 வண்டிகளில் ஒன்று கோடு போட்டதுபோல் ஓடும், மற்றது லேனுக்குள் இப்படியும் அப்படியும் உலாவும். 'லெவல் 2 பிளஸ்' என்று விளம்பரத்தில் பார்த்தால், அது எஸ்.ஏ.ஈ. பட்டியலில் இல்லாத படி.

எண்ணை விட முக்கியமான கேள்வி, சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்பது. லெவல் 2 வரை அது நீங்கள். லெவல் 3இல்தான் அந்த வேலை, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்குள், வண்டியின் கைக்குப் போகிறது. ஜெர்மனியில் மெர்சிடிஸின் 'டிரைவ் பைலட்' 2022இல் அப்படி விற்பனைக்கு வந்தபோது, நெடுஞ்சாலை நெரிசலில் 60 கி.மீ. வேகம் வரைக்கும்தான் அதற்கு அனுமதி. லெவல் 4 என்பது அமெரிக்காவில் சில நகரங்களில் ஓடும் டிரைவரில்லா டாக்சி. லெவல் 5 இதுவரை காகிதத்தில்தான்.

இனி சித்தப்பாவின் கைக்கு வருவோம்.

பார்க்கும் வேலை டிரைவருடையது என்றால், அவர் விழித்திருக்கிறாரா என்று வண்டிக்குத் தெரிய வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு வழி ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறது. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில், நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளக்க ஒரு முறுக்குத் தண்டும் சென்சாரும் உண்டு. அந்த அளவைப் பார்த்துத்தான் மோட்டார் உங்களுக்கு உதவுகிறது. அதே சென்சாரையே 'கை இருக்கிறதா' என்று கேட்கவும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஆகவே வண்டிக்குத் தெரிவது கை அல்ல, கை கொடுக்கும் முறுக்கு.

நேரான சாலையில் இதுதான் வினை. கடிகார முகம்போல் ஸ்டியரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையை மூன்று மணி இடத்தில் தளர்வாகத் தொங்கவிட்டால், வளையத்தின் மேல் ஒரு 300 கிராம் எடை விழலாம். மையத்திலிருந்து 18 செ.மீ. தள்ளி அந்த எடை இழுக்கும்போது சுமார் அரை நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். சின்ன அளவுதான், ஆனாலும் சென்சார் உணரக்கூடியது. இப்போது இடது கையையும் அதேபோல் ஒன்பது மணியில் வையுங்கள். ஒன்று வலப்பக்கம் இழுக்க, மற்றது இடப்பக்கம் இழுக்க, இரண்டும் கழிந்து பூஜ்யம். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக ஓட்டுகிறவருக்குத்தான் அலறல் அதிகம்! வளையத்தின் உச்சியிலோ அடியிலோ ஒரு கையை வைத்தாலும் எடை மையத்தின் நேர்கோட்டிலேயே விழுவதால் முறுக்கு வராது.

அலறினால் பலர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஆட்டுவார்கள். அது தவறு. பலமாகத் திருப்பினால், டிரைவர் தானே ஓட்ட விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு லேன் உதவி விலகிவிடும். மோட்டார் வளையத்தை அசைக்கும்போது கை அதோடு ஒத்துப் போகாமல், லேசாக எதிர்த்துப் பிடித்தால் போதும். குழந்தை சைக்கிள் பழகும்போது சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடுவோமே, அந்த அளவு பிடி.

கையே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 79இல் அதற்கு ஒரு கால அட்டவணை இருக்கிறது. கை எடுத்த 15 நொடிக்குள் திரையில் எச்சரிக்கை வர வேண்டும். 30 நொடிக்குள் அது சிவப்பாகி ஒலியும் சேர வேண்டும். அதற்குப் பிறகும் 30 நொடிக்கு மேல் ஸ்டியரிங் உதவி நீடிக்கக் கூடாது, வேறொரு அவசர ஒலியோடு அணைய வேண்டும். நம் ஊர் வண்டிகளில் இந்த இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் 15 நொடி என்பது 400 மீட்டருக்கு மேல். முதல் எச்சரிக்கை வருவதற்குள் ஒரு சின்ன ஊரையே கடந்துவிடலாம்.

முறுக்கை மட்டும் கேட்கும் வண்டியை ஏமாற்றுவதும் எளிது. ஒரு பக்கம் எடை தொங்கினால் போதுமே. அதற்கென்றே 'ஆட்டோபைலட் பட்டி' என்று ஒரு எடைத்துண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2018இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை அதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

ஏமாற்றாமலே என்ன நடக்கும் என்பதற்கு, அதே 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ அருகே நடந்த விபத்தைப் பார்க்கலாம். ஆட்டோபைலட்டில் ஓடிய டெஸ்லா மாடல் எக்ஸ், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடப்பக்கம் விலகி, நடுவிலிருந்த தடுப்பை நோக்கிப் போனது. முன்னால் பின்தொடர வண்டி இல்லாமல் போகவே, டிரைவர் குறித்து வைத்திருந்த வேகத்தை எட்ட, மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து சுமார் 114க்கு ஏறி மோதியது. டிரைவர் இறந்தார். கடைசி ஒரு நிமிடத்தில் மூன்று தடவையாக மொத்தம் 34 நொடி கையின் முறுக்கு பதிவாகியிருந்தது. கடைசி 6 நொடி ஒன்றுமே இல்லை. அவர் போனில் விளையாட்டில் இருந்திருக்கக்கூடும் என்றது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். ஸ்டியரிங் முறுக்கை வைத்து ஒருவரின் கவனத்தை அளக்க முடியாது என்றும் சொன்னது. 34 நொடி கை இருந்தது, கண்?

இதனால்தான் சில கார்களில் முகத்தைப் பார்க்கும் கேமரா வைக்கிறார்கள். வேறு சில கார்களில் வளையத்துக்குள்ளேயே தொடுகையை உணரும் மின்தகடு இருக்கிறது. போன் திரை விரலை அறிவதுபோல் இது தோலை அறிகிறது, முறுக்குத் தேவையில்லை. லேசாகத் தொட்டாலே நிறைவடைந்துவிடும். சௌகரியம்தான், ஆனால் தடித்த கையுறை போட்டால் தடுமாறலாம். என் கருத்தில், விலை ஏறினாலும் கண்ணைப் பார்க்கும் கேமரா உள்ள வண்டிக்கு முதலிடம்.

டெஸ்ட் டிரைவில், ஷோரூம் பையன் பக்கத்தில் இருக்கும்போதே, எந்த முறையில் கையை அறிகிறது என்று கேளுங்கள். பாதுகாப்பான நேர்ச்சாலையில், கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு, இரு கையையும் சமமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். லேன் கோடு அழிந்த இடம் வந்தால் திரையில் பச்சைச் சின்னம் என்னவாகிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் ஸ்டியரிங் உதவி மட்டும் சத்தமே போடாமல் விலகிவிடும், க்ரூஸ் வேகம் மட்டும் தொடரும்.

சித்தப்பாவிடம் வலது கையைக் கொஞ்சம் கனமாக வைக்கச் சொன்னேன். உளுந்தூர்பேட்டையிலிருந்து மறுபடி போன். "கத்தல நின்னுடுச்சுப்பா. ஆனா ரோட்டு வேலை நடக்கிற இடத்துல அந்தப் பச்சை ஸ்டியரிங் படம் காணாமப் போச்சு. நான் பாட்டுக்குச் சாவகாசமா வந்துட்டிருந்தேன், வண்டி மெல்ல பக்கத்து லேனுக்குப் போக ஆரம்பிச்சுது." கை வளையத்தில் இருந்ததால் உடனே திருப்பிவிட்டாராம்.