வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டுகளில் இணையவழித் துன்புறுத்தலைக் கண்டறிதல்

வகுப்பு மாணவர்கள் தமக்குள் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளை கேலி, ஒதுக்கல் அல்லது வற்புறுத்தலுக்கு உள்ளாகிறதா என்பதைப் பெற்றோர் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட் எனப்படும் திரைப்பிடிப்புகள் வழியாகவே அறிகின்றனர். ஸ்கிரீன்ஷாட் என்பது நீண்ட உரையாடலில் இருந்து வெட்டி எடுத்த சிறு துண்டு. ஒரே ஒரு கடுஞ்சொல்லைப் பார்த்துப் பதறுவதும், கடுஞ்சொல் எதுவும் இல்லை என்று அமைதி அடைவதும் பிழையான முடிவுக்குக் கொண்டுசெல்லலாம்.

சண்டையும் துன்புறுத்தலும்

பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை 1970களில் இருந்து ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயுஸ், அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறினார்: வேண்டுமென்றே புண்படுத்துதல், அது திரும்பத் திரும்ப நடத்தல், இரு தரப்புக்கும் இடையே வலிமை சமமாக இல்லாதிருத்தல். இரு நண்பர்கள் மாறி மாறி "லூசு" என்று அழைத்துக்கொள்வது சொல்லளவில் கடுமையானது. ஆனால் வலிமை சமம். ஒருவரை மட்டும் பலர் அப்படி அழைத்து, அவர் பதில் சொல்ல முடியாமல் நின்றால் அது வேறு. ஆகவே எந்தச் சொல் பயன்பட்டது என்பதோடு, யார் யாரிடம் எத்தனை முறை சொன்னார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஸ்கிரீன்ஷாட்டில் வலப்பக்கம் இருக்கும் செய்திகள் அந்தக் கைபேசிக்கு உரியவர் அனுப்பியவை. இடப்பக்கம் இருப்பவை மற்றவர்களுடையவை. வேறொரு பெற்றோர் அனுப்பிய படமாக இருந்தால், வலப்பக்கச் செய்திகள் அவர் பிள்ளையுடையவை என்பதை மறக்கக் கூடாது. பெயர்களும் அந்தக் கைபேசியில் சேமிக்கப்பட்டபடியே தெரியும்.

அடுத்து, திரையின் நடுவில் சிறிய எழுத்தில் வரும் அறிவிப்பு வரிகள். குழுவில் ஒருவரைச் சேர்த்ததும் நீக்கியதும் அங்கே பதிவாகும். ஒருவர் தானாக விலகினால், 2022 முதல் அது நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரிவிக்கப்படுகிறது. ஆகவே எல்லோருக்கும் தெரியும்படி "நீக்கினார்" என்ற வரி இருந்தால், அது இன்னொருவர் எடுத்த முடிவு. செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பும் கவனிக்கத்தக்கது; அழிக்கப்பட்டதற்கு அடுத்து வந்த சிரிப்புப் படங்கள், அங்கே என்ன இருந்திருக்கும் என்பதற்குக் குறிப்பு தரும்.

ஓர் எடுத்துக்காட்டு

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்க்கு ஒன்பது நாட்களில் எடுக்கப்பட்ட ஆறு ஸ்கிரீன்ஷாட்டுகள் கிடைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளலாம். எல்லாம் மகளின் கைபேசியில் எடுத்தவை.

முதல் படத்தில், இரவு 8.40க்கு மகள் "கணக்கு ஹோம்வொர்க் எந்தப் பக்கம்?" என்று கேட்கிறாள். பதில் இல்லை. 8.43க்கு இன்னொரு மாணவி அதையே கேட்கிறாள்; உடனே நான்கு பேர் பதில் சொல்கின்றனர். இரண்டாவதில், மகளின் பள்ளி விழாப் படம் ஸ்டிக்கராக்கப்பட்டுப் பதிவாகிறது. அதன் கீழ் பதினோரு சிரிப்புகள். மூன்றாவதில் மகள் "ப்ளீஸ் டெலிட் பண்ணு" என்கிறாள். "ஜோக்குக்குக் கூடவா கோவப்படுவ?" என்பது பதில். நான்காவதில் அதே ஸ்டிக்கர் மீண்டும் வருகிறது. ஐந்தாவது ஒரு வாக்கெடுப்பு: "இவளைத் தூக்கலாமா?" அதன் கீழே, "ஓட்டு போடாதவங்க பேரும் லிஸ்ட்ல வரும்" என்ற செய்தி. ஆறாவதில், மகளை நிர்வாகி நீக்கிய வரியும், மறுநாள் மீண்டும் சேர்த்த வரியும், வலப்பக்கத்தில் மகள் எழுதிய "சாரி" என்ற சொல்லும் உள்ளன.

இந்த ஆறு படங்களிலும் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்று அடையாளங்களும் இருக்கின்றன. நிறுத்தச் சொன்ன பிறகும் ஸ்டிக்கர் திரும்ப வந்ததால் அது வேண்டுமென்றே செய்தது. ஒன்பது நாட்கள் தொடர்ந்தது. நீக்கும் அதிகாரம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. ஐந்தாவது படத்தில் வற்புறுத்தல் மகள் மீது இல்லை, மற்ற மாணவர்கள் மீது. வாக்களித்த எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம். தவறு செய்யாதவள் கேட்ட "சாரி", அவள் எவ்வளவு அஞ்சியிருக்கிறாள் என்பதைக் காட்டுகிறது.

மௌனத்தை அளத்தல்

ஒதுக்கலைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் அது எழுதப்படாத பதிலில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் கிப்ளிங் வில்லியம்ஸும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வில், கணினியில் பந்து எறியும் எளிய விளையாட்டில் முகம் தெரியாதவர்கள் பந்தைத் தராமல் விட்டதே பங்கேற்றவர்களைப் புண்படுத்தியது. தினமும் பார்க்கும் வகுப்புத் தோழர்கள் அப்படிச் செய்தால் வலி குறைவாக இருக்காது.

ஆனால் பதில் வராதது எல்லாம் ஒதுக்கல் அல்ல. இரவு பதினொரு மணிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மற்றவர்கள் தூங்கியிருக்கலாம். இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பிள்ளையின் கைபேசியில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து "Info" என்பதைத் திறந்தால், யார் யார் படித்தார்கள் என்று தெரியும். குழுக்களில் இந்தப் படித்த குறியீட்டை யாரும் அணைத்து வைக்க முடியாது. முப்பது பேர் படித்தும் பலமுறை ஒருவரும் பதில் தராமல், அதே கேள்விக்கு வேறொருவர் பதில் பெற்றால் அது தற்செயல் அல்ல.

இன்னொரு தடயம், இந்தக் குழுவில் நடக்காத பேச்சைப் பற்றிய குறிப்புகள். "அங்க சொன்னோமே" போன்ற வரிகள், பிள்ளையை விட்டுவிட்டு வேறொரு குழு இயங்குவதைக் காட்டலாம்.

சேமித்தலும் அடுத்த படியும்

படத்தை வெட்டாமல், தேதியும் நேரமும் தெரியும்படி முழுத் திரையாக வைத்திருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் போலியாகவும் உருவாக்க முடியும் என்பதால், கைபேசியில் உள்ள மூல உரையாடலை அழிக்கக் கூடாது. தேதி, நடந்தது, செய்தவர், ஆதரித்தவர் என்று ஒரு தாளில் வரிசைப்படுத்தினால், வகுப்பாசிரியருக்குத் தொடர்ச்சி விளங்கும். வலப்பக்கச் செய்திகளையும் மறைக்காமல் தர வேண்டும். தன் பிள்ளையும் வேறொரு நாளில் கேலி செய்திருக்கலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிறார்களின் ஆபாசப் படம் இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதும் பிறருக்கு அனுப்புவதும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் அதுவே குற்றமாகலாம். அப்போது காவல் துறையையோ, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ, cybercrime.gov.in தளத்தையோ நாட வேண்டும்.

பெற்றோர் நேரடியாகக் குழுவில் எழுதினால் கேலி புதிய குழுவுக்கு இடம் மாறும். கைபேசியைப் பறித்தால், அடுத்த முறை பிள்ளை சொல்லாமல் மறைக்கும். படங்களைப் பிள்ளையுடன் சேர்ந்து பார்த்து, "இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? ஸ்கூல்ல நேர்லயும் இப்படித்தானா?" என்று கேட்க வேண்டும். முதல் படத்துக்கு முன் நடந்ததும் வகுப்பறையில் நடப்பதும் எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் இருக்காது. அவற்றைச் சொல்லக்கூடியது பிள்ளை மட்டுமே.