மேட்டில் வாட்டைப் பாருங்கள்

70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகத்தில் ஓடினால், கடிகாரம் சுமார் 200 வாட் காட்டலாம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேட்டிலும் அதே வேகத்தைப் பிடித்தால் அது 260 வாட் அளவுக்கு ஏறும். சீக்கிரமே மூச்சு வாங்கும். 200 வாட்டிலேயே ஓடினால் கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிடம் போல ஆகும், உழைப்பு மாறாது.

ஆனால் இது நேரடி அளவீடு அல்ல. எடை, வேகம், ஏற்றத்தை வைத்துப் போடும் கணக்கு. மணிக்கட்டுக் கடிகாரம் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸை நம்புவதால், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே எண் தடுமாறும். ஷூவில் மாட்டும் சென்சார் பாத அசைவையே அளப்பதால் மாற்றத்தைச் சட்டென்று காட்டும். இரண்டின் எண்களையும் ஒப்பிடக் கூடாது. வெயிலின் சுமை வாட்டில் தெரியாது. அதற்கு இதயத் துடிப்பைத்தான் பார்க்க வேண்டும்.