உங்களுக்குத் தெரியுமா? டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் தூக்கம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தசை இறுக்கம் குறைவு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் மேலும் தளர்வதால், நாக்கு பின்னால் சரிந்து, ஏற்கெனவே குறுகலான மூச்சுப் பாதையை அடைக்கக்கூடும். குறட்டை, சில நொடிகள் மூச்சு நின்று திணறித் தொடங்குவது, தலையைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, வியர்ப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். ஆனால் குறட்டையே இல்லாமலும் அடைப்பு இருக்கலாம். அதனால்தான், அறிகுறி இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள் ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை செய்ய அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. அறிகுறி தெரிந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் குழந்தையைச் சேலைத் தூளியில் போடுவது வழக்கம். தூளியில் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் படியலாம். கழுத்து நிற்காத டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு அப்போது காற்று தடைபடலாம். தலையைத் தூக்கிக்கொள்ள அதனால் முடியாது. தலையணை இல்லாத, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. நிமிர்த்திப் பிடித்துப் பாலூட்டி, ஏப்பம் விடவைத்து, விளக்கைக் குறைத்து, தினமும் ஒரே நேரத்தில் கிடத்தினால் தூக்கம் பழகும். ஆனால் பழக்கம் அடைப்பை நீக்காது. டான்சில், அடினாய்டு சதை வீங்கியிருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அதன் பிறகும் சிலருக்கு அடைப்பு நீடிப்பதால் மறுபரிசோதனை அவசியம். உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.