இடம் மாறவில்லை, இன்னொன்று திறக்கிறோம்

கடைக்காரர் தானே கேமரா முன் நின்று பேசுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வசந்த் அண்ட் கோ நிறுவனர் எச். வசந்தகுமார் தம் விளம்பரங்களில் தாமே சிரித்தபடி தோன்றினார். லலிதா ஜுவல்லரி கிரண்குமாரின் முகமும் அப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் படப்பிடிப்புக் குழு இருந்தது. இன்று சின்ன ஊர்க் கடைக்காரருக்குக் கையில் இருப்பது ஒரு செல்போனும் வாட்ஸ்அப்பும்தான். பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறக்கும்போது அவர் ஒரு நிமிட வாழ்த்து வீடியோ போடுகிறார். அதில் என்ன பேசுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், நோட்டீஸில் அச்சடிக்கிற தமிழை அப்படியே வாயால் சொல்வது. ‘தங்கள் நல்லாதரவை நாடும்’ என்று தாளில் படிக்கலாம். தினமும் பேரம் பேசிப் பழகிய அண்ணாச்சி அதை ஒப்பித்தால், பார்ப்பவருக்கு அவர் வேற்றாளாகத் தெரிவார்.

இரண்டாவது சறுக்கல் வியாபாரத்தையே பாதிக்கும். புதுக்கடை புதுக்கடை என்று மட்டும் சொன்னால், பழைய கடையை மூடிவிட்டு இடம் மாறுகிறார்கள் என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார். இந்த வீடியோவை முதலில் பார்க்கப்போகிறவர்களும் அவர்கள்தான். கடைக்காரரின் போனில் இருப்பது அவர்களுடைய எண்கள்தானே!

ஓர் உதாரணம். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர், தஞ்சாவூர் போகும் வழியிலுள்ள பாபநாசத்தில் இன்னொரு கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இப்படிப் பேசலாம்:

“வணக்கம். கும்பகோணம் கடைத்தெருவுல நம்ம பாத்திரக்கடை, தெரிஞ்சிருப்பீங்க. அப்பா ஆரம்பிச்ச கடை. பாபநாசத்துலேருந்து பஸ் ஏறி வந்து, அண்டாவையும் குத்துவிளக்கையும் தூக்கிட்டுப் போறவங்கள எத்தனையோ வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன். இனி அந்தச் சிரமம் வேண்டாம். செப்டம்பர் 2, புதன்கிழமை காலையில, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்துல நம்ம ரெண்டாவது கடையத் திறக்கறோம். பஸ் ஸ்டாண்டுலேருந்து கும்பகோணம் போற பக்கமா நடந்து வந்தா இடது கைப்பக்கம். கும்பகோணம் கடை அதே இடத்துல, அதே ஆளுங்களோட நடக்கும். சீர்வரிசைச் சாமான் ரெண்டு கடையிலயும் ஒரே விலை. ஈயம் பூசற வேலை மட்டும் கும்பகோணத்துல. பாபநாசத்துல குடுத்தீங்கன்னா, நாங்களே கொண்டுபோய்ப் பூசி அடுத்த வாரம் தர்றோம். குடும்பத்தோட வாங்க.”

நிதானமாகப் பேசினாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அண்டாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவரைப் பற்றிய வரி, ஏன் பாபநாசம் என்பதற்குக் காரணம் சொல்கிறது. அந்த ஊர்க்காரர் அதில் தம்மைப் பார்த்துக்கொள்வார். மாவட்டப் பெயர் தேவைதானா என்று தோன்றலாம். திருநெல்வேலிப் பக்கமும் ஒரு பாபநாசம் இருக்கிறது. கைமாறிக் கைமாறிப் போகும் வீடியோ எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ‘வர்ற புதன்கிழமை’ என்று விடாமல் தேதியும் சொல்லப்படுகிறது. கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்காது. பஸ் ஸ்டாண்டும் கைப்பக்கமும் நிற்கும்.

ஈயம் பூசும் வரிதான் இதில் மிக முக்கியம். பித்தளைப் பாத்திரம் வாங்கியவர் ஈயம் பூசவும் அதே கடைக்குத்தான் வருவார். புதுக்கடையில் அந்த வசதி இல்லை என்பதை வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டால் வருத்தமில்லை. குண்டானைச் சுமந்து வந்தபின் தெரிந்தால், திறந்த வாரத்திலேயே கெட்ட பேர்.

திறப்பு நாள் தள்ளுபடியைச் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேர்க்கலாம், ஆனால் எந்தப் பொருளுக்கு, எத்தனை நாளைக்கு என்று வாய்விட்டே சொல்ல வேண்டும். போதிய சரக்கு இல்லாமல் குறைந்த விலை காட்டி ஆள் இழுப்பதை, தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. சரக்கு குறைவென்றால் அதையும் விளம்பரத்திலேயே தெரிவிக்க வேண்டும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடவிடுவதும் வம்புதான். உரிமம் வாங்காமல் வியாபார வீடியோவில் போட்டால், சமூக ஊடகத் தளங்கள் ஒலியையே அடக்கிவிடக்கூடும். முதலாளி வாயசைப்பது மட்டும் மிஞ்சும்.

பஸ்ஸிலும் ஆபீஸிலும் பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள். ஆகவே ஊர், தேதி, ‘பழைய கடை அங்கேயே’ ஆகிய மூன்றும் திரையில் பெரிய எழுத்தில் வர வேண்டும்.

வீடியோ போய்ச் சேர்ந்ததா என்பதைக் கடை போனே சொல்லிவிடும். “வழி எப்படி, கார் நிறுத்த இடமிருக்கா?” என்று கேட்டால் சரி. “கடைய மாத்திட்டீங்களாமே?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டால், அந்த ஒரு வரியை முன்னால் கொண்டுவந்து அன்றைக்கே மறுபடி எடுத்துவிடுவது நல்லது. திறப்பு முடிந்த மறுநாள் எப்படியும் இன்னொரு தடவை எடுக்கத்தான் வேண்டும். ‘திறக்கறோம்’ என்பது அப்போது ‘திறந்தாச்சு’ ஆகிவிடும்; தேதி இருந்த இடத்தில் கடை திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லலாம்.